முறைப்பாட்டுக் கடிதம் எழுதுதல்: பட்மின்டன் இரட்டையர் ஆட்டத்தில் வலை தொடுதல் பற்றிய தீர்ப்பு

வினா

நீர் ஒரு பட்மின்டன் கழகத்தின் அங்கத்தவர். கழகத்தின் இரட்டையர் இறுதிப் போட்டியில் உமது சோடி வலையைத் தொட்டதாக நடுவர் வழங்கிய தீர்ப்பு பிழையானது எனக் கருதுகிறீர். அதனை ஆட்சேபித்துக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுக.

வினாவை விளங்கிக்கொள்ளல்

இவ்வினாவுக்கு விடையெழுதும் மாணவர் பலர் கடிதத்தின் அமைப்பைச் சரியாக எழுதுகின்றனர். முகவரி, திகதி, விளிப்பு, தலைப்பு, முடிப்பு யாவும் உரிய இடத்தில் இருக்கும். ஆனால் உள்ளடக்கத்தில் "எமக்கு அநீதி இழைக்கப்பட்டது" என்பதையே வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப எழுதிவிடுகின்றனர். செயற்குழு அத்தகைய கடிதத்தை வாசித்து அனுதாபப்படலாமே தவிர, அதனை வைத்து எந்த முடிவையும் எடுக்க முடியாது.

ஆட்சேபனைக் கடிதம் எழுதுபவர் முதலில் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நடுவர் பிழையாகப் பார்த்தார் என்று நான் சொல்கிறேனா? அல்லது சரியாகப் பார்த்துவிட்டு விதியைப் பிழையாகப் பயன்படுத்தினார் என்று சொல்கிறேனா? இவ்விரண்டும் ஒன்றல்ல. முதலாவதை எழுதினால் கடிதம் எடுபடாது. இரண்டாவதை எழுதினால் எடுபடலாம். இதன் காரணத்தை அறிய, வலை தொடுதல் பற்றிய விதியைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வலை தொடுதல் பற்றிய விதி

உலக பட்மின்டன் சம்மேளனத்தின் ஆட்ட விதிகளில் 13 ஆவது விதி தவறுகளைப் பற்றியது. சட்டில் (இறகுப்பந்து) ஆட்டத்தில் இருக்கும்போது ஒரு வீரர் தமது றக்கெட்டினாலோ உடம்பினாலோ உடையினாலோ வலையையோ அதனைத் தாங்கும் கம்பங்களையோ தொட்டால் அது தவறு என அவ்விதி கூறுகிறது. எதிரணிக்குப் புள்ளி கிடைக்கும்.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தொட்டது வேண்டுமென்றா தற்செயலா என்பதை விதி பார்ப்பதில்லை. மெதுவாகத் தொட்டாலும் தவறுதான். எதிரணிக்கு அதனால் எந்த இடையூறும் ஏற்படாவிட்டாலும் தவறுதான். ஆகவே "இலேசாகத்தான் பட்டது", "தெரியாமல் பட்டது" என்று கடிதத்தில் எழுதுவதால் பயனில்லை. அவ்வாறு எழுதுவது தவறை ஒப்புக்கொள்வதாகவே முடியும்.

இரண்டாவது, இரட்டையர் ஆட்டத்தில் சோடியின் இருவருக்கும் இவ்விதி பொருந்தும். சட்டிலை அடித்தவர் பின்னால் நிற்க, முன்னால் நின்ற அவரது துணைவீரர் வலையைத் தொட்டாலும் அச்சோடி புள்ளியை இழக்கும். இரட்டையர் ஆட்டத்தில் தாக்கி ஆடும் சோடி பெரும்பாலும் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்கும். முன்னால் நிற்பவர் வலைக்கு மிக அருகில் வேகமாக நகர்வதால் இத்தவறு அவருக்கே அதிகம் நேரும்.

மூன்றாவதே எமது வினாவுக்கு முக்கியமானது. "சட்டில் ஆட்டத்தில் இருக்கும்போது" என்று விதி சொல்கிறது. சட்டில் எப்போது ஆட்டத்தில் இல்லை என்பதை 15 ஆவது விதி கூறும். சட்டில் தரையைத் தொட்டவுடன் அது ஆட்டத்தில் இல்லை. அடித்தவரின் சட்டில் வலையிலோ கம்பத்திலோ பட்டு அவரது பக்கமாகவே விழத் தொடங்கினாலும் அது ஆட்டத்தில் இல்லை. அதற்கு முன்பே ஒரு தவறு நிகழ்ந்திருந்தாலும் அப்பந்துப் பரிமாற்றம் அந்தக் கணத்தில் முடிந்துவிடும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவாகும். ஒருவர் வலைக்கருகில் சட்டிலை வேகமாகக் கீழே அடிக்கிறார். சட்டில் எதிரணியின் தரையில் விழுகிறது. அதன் பின்னர் அடித்த வேகத்தில் அவரது றக்கெட் வலையில் படுகிறது. இது தவறன்று. புள்ளி அவருக்கே உரியது. றக்கெட் வலையில் பட்ட பின்னர் சட்டில் தரையில் விழுந்திருந்தால் அது தவறு. எனவே எது முன்னர் நடந்தது, எது பின்னர் நடந்தது என்பதிலேயே தீர்ப்புத் தங்கியுள்ளது. இரண்டுக்கும் இடையே ஒரு விநாடிக்கும் குறைந்த நேரமே இருக்கும்.

நிகழ்ச்சியும் விதியும்

எது முன்னர் நடந்தது என்பது கண்ணால் கண்டு சொல்ல வேண்டிய நிகழ்ச்சி. நடுவர் வலையின் நேராகக் கம்பத்துக்கு அருகில் உயர்ந்த கதிரையில் அமர்ந்திருப்பார். வலையின் மேல் விளிம்பிலுள்ள வெள்ளைப் பட்டி அசைவதை அவரால் நன்கு காண முடியும். ஆட்டக்காரரோ ஓடிக்கொண்டிருப்பவர். இதனால் தமது பொறுப்புக்கு உட்பட்ட நிகழ்ச்சிகளில் அதிகாரியின் தீர்ப்பே இறுதியானது என 17 ஆவது விதி கூறுகிறது. "றக்கெட் முதலில் வலையில் பட்டது, பின்னரே சட்டில் விழுந்தது. நான் பார்த்தேன்" என நடுவர் சொல்லிவிட்டால் விடயம் அத்துடன் முடிந்தது. பார்வையாளர் பத்துப் பேர் சாட்சி சொன்னாலும் செயற்குழு அதனை மாற்ற முடியாது.

விதியைப் பற்றிய பிரச்சினை வேறு. "சட்டில் விழுந்தது உண்மைதான். ஆயினும் வலையைத் தொட்டால் தவறுதான்" என நடுவர் சொன்னால் அவர் நிகழ்ச்சியைச் சரியாகக் கண்டிருக்கிறார், விதியைப் பிழையாகப் பயன்படுத்தியிருக்கிறார். இத்தகைய பிரச்சினையில் ஆட்டக்காரர் மேன்முறையீடு செய்யலாம். நடுவரின் பதிலில் திருப்தியில்லாவிடின், அம்மேன்முறையீட்டை நடுவர் போட்டியின் பிரதம மத்தியஸ்தரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அதற்கும் ஒரு கால எல்லை உண்டு. அடுத்த பணித்தல் (சேர்விஸ்) நடைபெறுவதற்கு முன்னரே மேன்முறையீடு செய்ய வேண்டும். போட்டியின் இறுதிப் புள்ளியாயின், ஆட்சேபிக்கும் சோடி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன்னர் செய்ய வேண்டும். அவ்வேளையில் பேசாதிருந்துவிட்டு இரண்டு நாட்களின் பின் கடிதம் எழுதுபவரின் வழக்கு மிகவும் பலவீனமானது.

பலவீனமான ஒரு வரைவு

ஒரு மாணவர் எழுதிய கடிதப் பகுதியைப் பாருங்கள்.

"கடந்த சனிக்கிழமை நடைபெற்ற இறுதிப் போட்டியில் நடுவர் எமக்கு எதிராகப் பக்கச்சார்பாக நடந்துகொண்டார். எனது துணைவீரர் வலையைத் தொடவே இல்லை. தொட்டிருந்தாலும் மிக இலேசாகத்தான் தொட்டார். அதனால் எதிரணிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே வெற்றிக் கிண்ணத்தை உடனடியாக எமக்கு வழங்க வேண்டும்."

இதிலுள்ள குறைகளைக் காண்பது கடினமன்று. "தொடவே இல்லை" என்றவர் அடுத்த வசனத்திலேயே "தொட்டிருந்தாலும்" என்கிறார். இவ்விரண்டில் எதை நம்புவது எனக் குழுவுக்கு விளங்காது. இலேசாகத் தொட்டது என்பது விதிப்படி ஒரு காரணமே அல்ல. பக்கச்சார்பு என்பது ஆதாரமின்றிச் சுமத்திய பழி. அது நடுவரின் நேர்மையைக் குறை கூறுவதால், குழு முதலில் நடுவரைப் பாதுகாக்கவே முற்படும். எந்தப் புள்ளியில் நடந்தது, அப்போது யார் என்ன சொன்னார், மேன்முறையீடு செய்யப்பட்டதா என்ற விபரங்கள் எதுவும் இல்லை. சட்டில் விழுந்ததா இல்லையா என்ற முக்கியமான செய்தியே விடுபட்டுள்ளது.

அதே நிகழ்ச்சியை வைத்து எழுதப்பட்ட மாதிரிக் கடிதம் கீழே தரப்படுகிறது.

மாதிரிக் கடிதம்

அங்கத்துவ இலக்கம் 27,
…………………… வீதி,
…………………….
2024.08.12

செயலாளர்,
செயற்குழு,
…………………… பட்மின்டன் கழகம்.

ஐயா,

இரட்டையர் இறுதிப் போட்டியில் வலை தொடுதல் பற்றி வழங்கப்பட்ட தீர்ப்பை ஆட்சேபித்தல்

2024.08.10 சனிக்கிழமை பிற்பகல் எமது கழக உள்ளக அரங்கில் நடைபெற்ற ஆண்கள் இரட்டையர் இறுதிப் போட்டியில் எனது துணைவீரருடன் பங்குபற்றினேன். முதலாவது ஆட்டத்தில் 21–17 என நாமும், இரண்டாவது ஆட்டத்தில் 21–18 என எதிர்ச் சோடியினரும் வெற்றி பெற்றோம். மூன்றாவது ஆட்டத்தில் 20–19 என நாம் முன்னிலையில் இருந்தபோது வழங்கப்பட்ட ஒரு தீர்ப்புப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அப்பந்துப் பரிமாற்றத்தில் எதிர்ச் சோடியினர் திருப்பிய சட்டில் வலைக்கு மேலாக உயர்ந்து எமது பக்கம் வந்தது. முன்னால் நின்ற எனது துணைவீரர் அதனை எமது பக்கத்தில் வைத்தே கீழ்நோக்கி அடித்தார். சட்டில் எதிர்ச் சோடியினர் இருவருக்கும் இடையே தரையில் விழுந்தது. அவரது றக்கெட் வலையின் மேற்பட்டியிலும் பட்டது. நடுவர் "தவறு" என அறிவித்துப் புள்ளியை எதிர்ச் சோடியினருக்கு வழங்கினார். புள்ளிகள் 20–20 எனச் சமமாகின.

நான் பின்னால் நின்றமையால் றக்கெட் வலையில் பட்ட கணத்தைத் துல்லியமாகக் காணவில்லை. ஆகவே எது முன்னர் நிகழ்ந்தது என்பது பற்றி எனது சொந்தக் கருத்தைத் தெரிவிக்க விரும்பவில்லை. அடுத்த பணித்தலுக்கு முன்னர் நான் நடுவரிடம் சென்று, வலையில் பட்டபோது சட்டில் விழுந்திருந்ததா எனக் கேட்டேன். "சட்டில் விழுந்த பிறகுதான் பட்டது. ஆனால் வலையில் பட்டால் எப்போதும் தவறுதான்" என அவர் பதிலளித்தார். எதிர்ச் சோடியினர் இருவரும் அருகில் நின்று இப்பதிலைக் கேட்டனர்.

இது விதி பற்றிய பிரச்சினை என்பதால் பிரதம மத்தியஸ்தரிடம் அறிவிக்குமாறு அப்போதே வேண்டினேன். நேரம் போதாது எனக் கூறி ஆட்டத்தைத் தொடருமாறு நடுவர் பணித்தார். நாம் அதற்கு இணங்கி ஆடினோம். எதிர்ச் சோடியினர் 22–20 என வெற்றி பெற்றனர். அரங்கை விட்டு வெளியேறும் முன்னர் மீண்டும் ஒருமுறை அதே வேண்டுகோளை விடுத்தேன். அவ்வேளை பிரதம மத்தியஸ்தர் அரங்கில் இருக்கவில்லை.

ஆட்ட விதிகளில் 13 ஆவது விதியின்படி சட்டில் ஆட்டத்தில் இருக்கும்போது வலையைத் தொடுவதே தவறாகும். 15 ஆவது விதியின்படி தரையைத் தொட்ட சட்டில் ஆட்டத்தில் இல்லை. நடுவர் தாம் கண்டதாகக் கூறிய நிகழ்ச்சியை அவ்வாறே நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்நிகழ்ச்சிக்கு இவ்விதிகளைப் பயன்படுத்தினால் அப்புள்ளி எமக்கு உரியதாகும் என்பதே எனது நிலைப்பாடு. நடுவரின் நேர்மையில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. எதிர்ச் சோடியினரும் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஆகவே பின்வருவனவற்றைச் செயற்குழுவிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. உரிய வேளையில் செய்யப்பட்டும் பிரதம மத்தியஸ்தரிடம் செல்லாத எமது மேன்முறையீட்டை அவரிடம் சமர்ப்பித்து, நடுவரையும் எதிர்ச் சோடியினரையும் விசாரித்த பின் அவரது முடிவை எழுத்து மூலம் தெரிவித்தல்.

2. அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன்னர் 13, 15, 17 ஆகிய விதிகளை நடுவர்களுக்கு விளக்குதலும், இறுதிப் போட்டிகள் முடியும்வரை பிரதம மத்தியஸ்தர் அரங்கில் இருப்பதை உறுதிப்படுத்துதலும்.

போட்டியின் பெறுபேறு பற்றிக் கழகச் சுற்றுப்போட்டி விதிகளுக்கு அமையச் செயற்குழு எடுக்கும் எந்த முடிவையும் நாம் ஏற்றுக்கொள்வோம்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
……………………
(அங்கத்தவர்)

பிரதி: பிரதம மத்தியஸ்தர்

கடிதம் பற்றிய விளக்கம்

இக்கடிதத்தின் பலம் மூன்றாம் பந்தியில் இருக்கிறது. எழுதியவர் தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை. "நான் துல்லியமாகக் காணவில்லை" என ஒப்புக்கொள்வது முதலில் அவருக்குப் பாதகமாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே அவரது வழக்கைக் காக்கிறது. எது முன்னர் நடந்தது என அவர் வாதாடியிருந்தால், நடுவரின் கண்ணுக்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்கும் இடையிலான போட்டியாக அது மாறியிருக்கும். அப்போட்டியில் நடுவரே வெல்வார். இங்கே அவர் நடுவர் கண்டதை அப்படியே ஏற்றுக்கொண்டு, நடுவரின் வாய்மொழியையே தமது ஆதாரமாக்குகிறார்.

அந்த வாய்மொழி எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். அவர் நடுவரிடம் "ஏன் தவறு கொடுத்தீர்கள்?" எனச் சண்டையிடவில்லை. "வலையில் பட்டபோது சட்டில் விழுந்திருந்ததா?" என ஒரேயொரு கேள்வியைக் கேட்டார். அக்கேள்விக்கு "இல்லை, முன்னரே பட்டது" என நடுவர் பதிலளித்திருந்தால் கடிதம் எழுத வேண்டிய தேவையே இராது. அவர் அளித்த பதில் பிரச்சினையை நிகழ்ச்சியிலிருந்து விதிக்கு மாற்றியது.

நான்காம் பந்தி கால எல்லையைப் பற்றியது. அடுத்த பணித்தலுக்கு முன்னரே கேட்டார் என்பது எழுதப்படாவிட்டால் குழு முதலில் அதனையே கேட்கும். அவர் கேட்டும் மேன்முறையீடு உரியவரிடம் செல்லவில்லை என்பது, தீர்ப்பிலிருந்து வேறான ஒரு நடைமுறைக் குறையாகும். செயற்குழு தீர்ப்பு வழங்கும் அதிகாரியன்று. எனினும் சுற்றுப்போட்டியை நடத்துவது அதுவே என்பதால் நடைமுறைக் குறையைத் திருத்த வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு.

இறுதியாகக் கோரிக்கைகளைப் பார்ப்போம். 20–19 என்ற நிலையில் அப்புள்ளி கிடைத்திருந்தால் 21–19 என அவரது சோடி கிண்ணத்தை வென்றிருக்கும். அவ்வளவு பெரிய இழப்பு இருந்தும் அவர் கிண்ணத்தைக் கேட்கவில்லை. காரணம், அதனை வழங்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது கழக விதிகளைப் பொறுத்தது. தாம் கேட்பது கேட்கப்படுபவரின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். பிரதம மத்தியஸ்தர் புள்ளி எமக்குரியது என எழுதித் தந்தால், அதன் பின்னர் பெறுபேற்றைப் பற்றிப் பேசாமல் குழுவால் இருக்க முடியாது.

பயிற்சி

கீழ்வரும் சந்தர்ப்பங்களில் ஆட்சேபனைக் கடிதம் எழுத இடமுண்டா எனக் கூறிக் காரணம் தருக.

1. நீர் பின்னாலிருந்து அடித்த சட்டில் காற்றில் இருக்கையில் உமது துணைவீரரின் மேற்சட்டை வலையில் உரசியது. நடுவர் தவறு என்றார்.

2. எதிரணி வீரர் அடித்த சட்டில் வலையில் பட்டு அவரது பக்கமாகவே விழத் தொடங்கியது. அது தரையைத் தொடும் முன் உமது றக்கெட் வலையில் பட்டது. இதனை ஏற்றுக்கொண்ட நடுவர், சட்டில் தரையைத் தொடவில்லை என்பதால் உமக்குத் தவறு வழங்கினார். நீர் உடனே மேன்முறையீடு செய்தீர்.

3. சட்டில் விழுந்த பின்னரே வலையில் பட்டது என நீர் கருதுகிறீர். முன்னரே பட்டதைக் கண்டதாக நடுவர் கூறுகிறார்.

விடைக் குறிப்பு

1. இடமில்லை. உடையினால் தொடுவதும் தவறு. அடித்தவர் அல்லாத துணைவீரர் தொட்டாலும் சோடி புள்ளியை இழக்கும்.

2. இடமுண்டு. வலையில் பட்டு அடித்தவரின் பக்கமாக விழத் தொடங்கிய சட்டில், தரையைத் தொடும் முன்னரே ஆட்டத்தில் இல்லாததாகிவிடும். நடுவர் நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டமையால் இது விதி பற்றிய பிரச்சினை.

3. இடமில்லை. இது நிகழ்ச்சி பற்றிய தீர்ப்பு. நடுவர் கண்டதே இறுதியானது.